சொல் ஒருபுறம், பொருள் ஒருபுறம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களைக் காணப் பள்ளி மாணவர் பலர் வருவர். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், இவ்வூர்ச் சபை தன் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்குக் கல்லில் பொறித்து வைத்தது. முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்த ஊர், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தது. இச்செய்தி நம் பாடநூல்கள் வழியே பலரும் அறிந்ததே. ஆயினும் சுவரின் முன் வந்து நிற்கும் மாணவர்க்கு ஒரு வரியேனும் எளிதில் பிடிபடுவதில்லை. எழுத்தின் வடிவம் பழையது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. கல்வெட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி இல்லை; நிறுத்தக்குறி இல்லை; மெய்யெழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியும் பெரும்பாலும் இல்லை. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

அத்தகைய மாணவர் கையில் கொடுப்பதற்காகக் கல்வெட்டுச் சொற்களுக்கு ஓர் அருஞ்சொற்பட்டியல் செய்யும் பணியை நான் ஏற்றுக்கொண்டேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலும் பிற சோழர் காலக் கல்வெட்டுகளிலும் அடிக்கடி வரும் சொற்களுக்கு நண்பர் ஒருவர் முன்பே பொருள் எழுதி வைத்திருந்தார். அச்சுப் பக்கத்திலிருந்து படியெடுத்து அலைபேசி வழியே அவர் அதை அனுப்பியபோது வரிகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பட்டியலாக இருந்தது ஒரே நீண்ட பத்தியாக வந்து சேர்ந்தது. அதன் ஒரு பகுதி இது:

```
வாரியம் – ஊர்ச் சபையின் பணிகளைப் பார்க்கும் குழு;
குடும்பு – ஊரின் உட்பிரிவு; குடவோலை – பெயர் எழுதிக்
குடத்தில் இட்டு எடுக்கும் ஓலை; மத்தியஸ்தன் – சபையின்
நடுநிலைப் பணியாளன்; எழுத்து வேலையும் பார்ப்பவன்;
ஏரி வாரியம் – ஏரியைப் பேணும் குழு; ஏரிப்பட்டி –
ஏரிப் பராமரிப்புக்கு விட்ட நிலம்; மதகு – ஏரி நீரை
வாய்க்காலில் விடும் வாய்; கலிங்கு – ஏரியின் மிகுநீர்
வழியும் இடம்; 47 களம் – நெல் அடிக்கும் வெளி;
கழஞ்சு – பொன் நிறுக்கும் எடை – 20 மஞ்சாடி;
மஞ்சாடி – கழஞ்சில் இருபதில் ஒரு பங்கு; இறை – வரி;
இறையிலி – வரி நீக்கப்பட்ட நிலம்; வேலி – நில அளவு,
20 மா; பொன் வாரியம் – பொன்னின் மாற்றை ஆராயும் குழு
```

இதனை இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையாக்க வேண்டும்: இடப்புறம் சொல், வலப்புறம் பொருள். பின்னர் அவற்றை அகரவரிசையில் அடுக்க வேண்டும். கேட்பதற்கு இது கைவேலை போலத் தோன்றும். ஆனால் இவ்வேலையில் நேரும் பிழை, கண்ணுக்கு அழகான அட்டவணைக்குள்ளேயே ஒளிந்திருக்கக் கூடியது. ஆதலின் அதன் படிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதற்படி, பத்தியைச் சொற்பதிவுகளாகப் பிரித்தல். இந்தப் பத்தியில் இரண்டு குறிகள் நமக்கு உதவுகின்றன. சொல்லையும் பொருளையும் சிறுகோடு பிரிக்கிறது; ஒரு பதிவையும் அடுத்த பதிவையும் அரைப்புள்ளி பிரிக்கிறது. எனவே அரைப்புள்ளி உள்ள இடமெல்லாம் புதுவரி தொடங்கினால் ஒவ்வொரு வரியும் ஒரு பதிவாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறே செய்து பார்த்தேன். பதினாறு வரிகள் கிடைத்தன. சிறுகோடுகளையும் எண்ணினேன், அவையும் பதினாறு. வரிக்கு ஒரு சிறுகோடு என்று கணக்கு நேர்ந்துவிட்டது போலிருந்தது.

ஆனால் பட்டியலில் உள்ள சொற்களை விரலால் தொட்டு எண்ணினால் பதினைந்துதான் வரும். மொத்தக் கணக்கு நேராக இருப்பதற்குக் காரணம், இரண்டு கோணல்கள் ஒன்றையொன்று மறைத்ததே ஆகும். மத்தியஸ்தன் என்னும் சொல்லின் பொருளுக்குள்ளேயே ஓர் அரைப்புள்ளி இருக்கிறது. ஆகவே 'எழுத்து வேலையும் பார்ப்பவன்' என்பது தலைச்சொல் இல்லாத தனி வரியாக விழுந்தது. அதில் சிறுகோடே இல்லை. கழஞ்சு என்னும் சொல்லின் வரியிலோ சிறுகோடுகள் இரண்டு. எடையை விளக்க எழுதியவர் இரண்டாவது கோட்டை இட்டிருக்கிறார். ஒரு வரியில் ஒன்று குறைய, மற்றொரு வரியில் ஒன்று மிகுந்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டும் சரியாகிவிட்டன.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. மொத்தத்தை எண்ணுதல் சோதனையாகாது. ஒவ்வொரு வரியையும் தனியே பார்க்க வேண்டும். சிறுகோடு இல்லாத வரி, தனக்கு முந்தைய வரியின் தொடர்ச்சி. அதனை மேலே சேர்த்து, இடையில் இருந்த அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக்க வேண்டும். இரண்டு சிறுகோடு உள்ள வரியில் முதற்கோடே எல்லை. இரண்டாவதைக் காற்புள்ளியாக்க வேண்டும். எண்ணில் தொடங்கும் வரி எச்சரிக்கை தரும் வரி. மேலே உள்ள 47 என்பது களத்தின் அளவன்று. அச்சுப் பக்கத்தின் அடியில் இருந்த பக்க எண், படியெடுக்கும்போது உள்ளே நுழைந்துவிட்டது. அதனை நீக்க வேண்டும். இவை முடிந்தபின் பதினைந்து வரிகள், வரிக்கு ஒரே ஒரு சிறுகோடு என்ற நிலை உண்மையாகவே கிடைக்கும்.

சொற்செயலியில் இவ்வேலையைத் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு செய்யலாம். மைக்ரோசாப்ட் வேர்டு என்னும் செயலியில் புதுவரிக்கு உரிய குறியீடு `^p`. தாவலுக்கு உரிய குறியீடு `^t`. அரைப்புள்ளியும் அதனை அடுத்த இடைவெளியும் வரும் இடங்களில் முதற்குறியீட்டை இட்டால் வரிகள் பிரியும். மேலே சொன்ன மூன்று திருத்தங்களையும் செய்துவிட்டு, சிறுகோடு உள்ள இடங்களில் இரண்டாவது குறியீட்டை இட வேண்டும். பின்னர் வரிகள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, உரையை அட்டவணையாக்கும் கட்டளையைத் தாவலை எல்லையாகக் கொண்டு கொடுத்தால் இரண்டு பத்திகள் அமைந்துவிடும். இங்கு இரண்டு கவனங்கள் தேவை. சிறுகோட்டில் நீளம் குறைந்ததும் நீண்டதுமாக ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவை கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு எழுத்துகள். முதலில் அவற்றை ஒரே வகையாக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, தேடும்போது கோட்டை மட்டும் தேடாமல், இருபுறமும் இடைவெளி உள்ள கோட்டைத் தேட வேண்டும். இல்லையெனில் வரியின் ஓரத்தில் சொல்லை உடைக்க இட்ட கோடும் எல்லையாகிவிடும்.

வரிவரியாகச் சரிபார்க்காமல் விட்டால் என்ன நேரும்? சொற்களைத் தனியே ஒரு பத்தியிலும் பொருள்களைத் தனியே ஒரு பத்தியிலும் ஒட்டுபவர் பலர். அவ்வாறு ஒட்டும்போது மத்தியஸ்தனின் பொருள் இரண்டு கட்டங்களை எடுத்துக்கொண்டால், அதற்குக் கீழே உள்ள பொருள் யாவும் ஒரு படி இறங்கிவிடும். பட்டியலின் கடைசியில் பொன் வாரியத்துக்கு எதிரே 'நில அளவு, 20 மா' என்று வரும். இதனை எவரும் கண்டுகொள்வர். ஆனால் நடுவில் உள்ளவற்றைப் பாருங்கள். கலிங்கு என்பதற்கு எதிரே மதகின் பொருள் வந்து நிற்கும்: 'ஏரி நீரை வாய்க்காலில் விடும் வாய்'. ஏரியைப் பற்றி அறியாத மாணவர்க்கு இதில் ஐயம் எழாது. பாசனத்துக்கு வேண்டும்போது திறந்து விடுவது மதகு. ஏரி நிரம்பியபின் மிகுந்த நீர் தானே வழிந்து கரையைக் காப்பது கலிங்கு. இரண்டும் ஏரியைச் சேர்ந்தவை, இரண்டிலும் நீர் வெளியேறும் என்பதாலேயே பொருள் மாறிய பிழை உண்மை போல நிற்கிறது.

அதனினும் கேடு விளைப்பது மற்றொரு வரி. இறையிலி என்பதற்கு எதிரே 'வரி' என்று வந்துவிடும். இறை என்பது வரி. இறையிலி என்பது வரி இல்லாத நிலம். அட்டவணை நேர் எதிரான பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு உரிய தகுதிகளுள் ஒன்றாக, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடைமையைக் கூறுகிறது. இறை எது, இறையிலி எது என்று மயங்கும் மாணவர் அத்தகுதியையே தலைகீழாகப் புரிந்துகொள்வார். சொற்கள் இனம் இனமாக அடுத்தடுத்து நிற்கும் பட்டியலில் ஒரு படி சறுக்கினால், பக்கத்துச் சொல்லின் பொருளே வந்து அமரும். ஆகவே அப்பிழை பொருந்தாமையால் வெளிப்படாது. பொருத்தம் போலத் தோன்றியே நிலைத்துவிடும்.

இதற்கு ஒரு காப்பு உண்டு. அட்டவணை அமைந்தவுடன், அடுக்குவதற்கு முன்பே, மூன்றாவதாக ஒரு தற்காலிகப் பத்தி சேர்த்து அதில் 1 முதல் 15 வரை வரிசை எண் இடுக. மூலத்தில் ஏழாவதாக வருவது மதகு. அட்டவணையிலும் ஏழாம் எண்ணுக்கு நேரே மதகும் அதன் பொருளும் ஒன்றாக நிற்க வேண்டும். அடுக்கும்போது மூன்று பத்திகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சொற்பத்தியை மட்டும் தேர்ந்து அடுக்கினால் சொற்கள் இடம் மாறும், பொருள்கள் பழைய இடத்திலேயே நிற்கும். எண் பத்தி இருந்தால் எந்நேரத்திலும் அதனைக் கொண்டு மறுபடி அடுக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். எல்லாம் முடிந்தபின் அப்பத்தியை நீக்கிவிடலாம்.

இனி அகரவரிசை. அகராதி என்னும் சொல்லே அகரம், ஆதி என்னும் இரண்டின் சேர்க்கை. சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துச் செய்யுளில் தந்த நிகண்டுகளின் மரபில், 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகரவரிசையைத் தழுவி 'அகராதி நிகண்டு' செய்தார். 1732இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் 'சதுரகராதி'யைத் தொகுத்தார். நிகண்டை மனப்பாடம் செய்தவர்க்கு அது நினைவில் இருக்கும். அகராதியோ மனப்பாடம் இல்லாதவர்க்கும் பயன்படும்; ஆனால் ஒரு நிபந்தனையின் பேரில்தான். சொல் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். இடம் தவறிய சொல் அட்டவணையில் இருந்தும் இல்லாததே.

அந்த இடத்தை எழுத்துகளின் வரிசை முடிவு செய்கிறது. உயிர் பன்னிரண்டும் முதலில் வரும். ஆய்தம் அதனை அடுத்து வரும். பின்னர் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம என வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் இணை இணையாக வரும். அவற்றை அடுத்து ய, ர, ல, வ, ழ, ள என்னும் இடையினம் ஆறும், இறுதியில் ற, ன என்னும் இணையும் நிற்கும். ஒரே எழுத்தின் வரிசையில் புள்ளி பெற்ற மெய் முதலில் வரும். அகரம் ஏறியது அதனை அடுத்தும், பிற உயிர்கள் ஏறியவை அவற்றின் முறைப்படியும் வரும். இன்று வழங்கும் அகராதிகளில் 'அக்கா' என்பது 'அகம்' என்பதற்கு முன் நிற்பது இதனாலேயே ஆகும்.

கணினி இந்த வரிசையைத் தானாக அறிவதில்லை. ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியது முன், பெரியது பின் என்று அடுக்கும் நிரலுக்கு அந்த எண்களே வரிசை. தமிழுக்கு உரிய எண்கள், இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான சட்டகமாக முன்பு வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறையைப் பின்பற்றி அமைந்தன. அச்சட்டகத்தில் தேவநாகரியின் வரிசையை ஒட்டி, ஒலியால் நெருங்கிய எழுத்துகள் அருகருகே வைக்கப்பட்டன. ஆகவே ன, ந என்பதன் பக்கத்தில் சென்றது. ற, ர என்பதன் பக்கத்தில் சென்றது. ள, ழ இரண்டும் ல, வ என்பவற்றின் இடையே புகுந்தன. அவற்றுள்ளும் ள முன்னும் ழ பின்னுமாக நின்றன. புள்ளியின் எண்ணோ எல்லா உயிர்க்குறிகளின் எண்ணைவிடவும் பெரியது. ஆகவே எண் வரிசையில் மெய், உயிர்மெய்க்குப் பின்னே தள்ளப்படுகிறது.

இந்த வேறுபாடு முதல் நோக்கில் புலப்படாமைக்கு ஒரு காரணம் உண்டு. ழ, ள, ற, ன ஆகியவை தமிழில் சொல்லின் முதலில் வருவதில்லை. சொல்லின் முதலெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் எண் வரிசையும் தமிழ் வரிசையும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். வேறுபாடு இரண்டாம் எழுத்திலும் மூன்றாம் எழுத்திலும் பதுங்கியிருக்கும்.

நம் பட்டியலை எண் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் மூன்று இணைகள் இடம் மாறி வருகின்றன. முதல் இணை கழஞ்சும் களமும். தமிழ் வரிசையில் ழ முன், ள பின். ஆகவே கழஞ்சு, களம் என வர வேண்டும். எண் வரிசையில் களம் முந்திக்கொள்கிறது. இரண்டாம் இணை மத்தியஸ்தனும் மதகும். இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. அடுத்து ஒன்றில் த், மற்றொன்றில் த. புள்ளி பெற்றது முன் என்பதால் மத்தியஸ்தன் முதலில் வர வேண்டும். எண் வரிசையில் மதகு முதலில் வந்துவிடுகிறது. மூன்றாம் இணை ஏரிப்பட்டியும் ஏரி வாரியமும். இது எழுத்தின் சிக்கலன்று, இடைவெளியின் சிக்கல். இடைவெளிக்கு உரிய எண் எல்லாத் தமிழெழுத்துகளின் எண்ணைவிடவும் சிறியது. ஆகவே கணினி ஏரி வாரியத்தை முன்னே வைக்கும். இடைவெளியைக் கருதாமல் எழுத்தை மட்டும் கொண்டால், ஏரி என்பதை அடுத்து ஒன்றில் ப், மற்றொன்றில் வா. ஆதலின் ஏரிப்பட்டியே முன் வரும்.

இந்த மூன்றாம் இணையில் இரு முறைகளும் அறவே தவறென்று சொல்வதற்கில்லை. எதனைக் கொள்வது என்பதைத் தொகுப்பவர் முடிவு செய்து பட்டியல் முழுவதும் ஒன்றுபோல் கையாள வேண்டும். நான் இடைவெளியைக் கருதாத முறையைக் கொண்டேன். ஏரி வாரியம் என்று பிரித்தும் ஏரிவாரியம் என்று சேர்த்தும் மக்கள் எழுதுகின்றனர். எவ்வாறு எழுதித் தேடினாலும் சொல் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பதினைந்து சொற்களுக்கு இவ்விணைகளைக் கையால் மாற்றிவிடலாம். ஆயிரம் சொற்கள் இருந்தால் இயலாது. அடுக்கும்போது மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி சில விரிதாள் செயலிகளில் உண்டு. அங்கே தமிழைத் தேர்ந்தால் தமிழ் வரிசையில் அடுக்கும். ஆயினும் அதனை நம்பிவிடாமல் ஒரு சிறு சோதனை செய்வது நல்லது. கழஞ்சு, களம், மத்தியஸ்தன், மதகு, மரம், மனை ஆகிய ஆறு சொற்களை மட்டும் கலைத்து எழுதி அடுக்கிப் பாருங்கள். ஒவ்வோர் இணையும் இங்கே எழுதிய முறையிலேயே முன்பின்னாக வந்தால், ழகர ளகர வரிசை, புள்ளியின் இடம், னகரத்தின் இடம் ஆகிய மூன்றும் சரி. மனை மரத்துக்கு முன் வந்தால், அந்நிரல் எண்ணைக் கொண்டே அடுக்குகிறது என்று உடனே அறியலாம்.

கண்ணுக்கே தெரியாத பிழை இன்னொன்று உண்டு. ஒகர உயிர்மெய்யின் குறியைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க இயலும். 'பொ' என்பதில் உள்ள குறி `U+0BCA` என்னும் ஒரே எண்ணாகவும் இருக்கலாம். ஒற்றைக்கொம்பு `U+0BC6`, கால் `U+0BBE` என்னும் இரண்டு எண்களாகவும் இருக்கலாம். குடவோலையில் உள்ள 'வோ' என்பதற்கும் இவ்வாறே இரு வடிவங்கள் உண்டு. திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் எண்ணைக் கொண்டு அடுக்கும் நிரல், இரண்டாகச் சேமித்த 'பொன்' என்பதைப் 'பெ' வரிசையின் இறுதியில் கொண்டுபோய் வைத்துவிடும். தேடும் செயலி சிலவற்றில் 'பொன்' என்று தட்டினால் அகப்படாது. பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றிய உரையில் இதனை எதிர்பார்க்கலாம். கண்டுபிடிக்கும் வழி இதுதான்: அட்டவணையில் கண்ணால் காணும் ஒரு சொல்லை நீங்களே தட்டச்சிட்டுத் தேடுங்கள். எதிரே இருந்தும் அகப்படவில்லை எனில் சேமிப்பு வேறு. அச்சொல்லை அழித்து மறுபடி தட்டச்சிட்டால் சரியாகிவிடும். இதனோடு ஒத்த மற்றொன்று, 'கௌ' என்பதற்குப் பதிலாகக் கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதுவது. இங்கு எழுத்தே வேறாகிவிடுவதால் இதனை எந்தச் செயலியும் தானாகத் திருத்தாது. ஔகாரம் வரும் சொற்களைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் கிடைத்த அட்டவணை இது:

| சொல் | பொருள் |
|---|---|
| இறை | வரி |
| இறையிலி | வரி நீக்கப்பட்ட நிலம் |
| ஏரிப்பட்டி | ஏரிப் பராமரிப்புக்கு விட்ட நிலம் |
| ஏரி வாரியம் | ஏரியைப் பேணும் குழு |
| கலிங்கு | ஏரியின் மிகுநீர் வழியும் இடம் |
| கழஞ்சு | பொன் நிறுக்கும் எடை, 20 மஞ்சாடி |
| களம் | நெல் அடிக்கும் வெளி |
| குடவோலை | பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கும் ஓலை |
| குடும்பு | ஊரின் உட்பிரிவு |
| பொன் வாரியம் | பொன்னின் மாற்றை ஆராயும் குழு |
| மஞ்சாடி | கழஞ்சில் இருபதில் ஒரு பங்கு |
| மத்தியஸ்தன் | சபையின் நடுநிலைப் பணியாளன், எழுத்து வேலையும் பார்ப்பவன் |
| மதகு | ஏரி நீரை வாய்க்காலில் விடும் வாய் |
| வாரியம் | ஊர்ச் சபையின் பணிகளைப் பார்க்கும் குழு (காண்க: ஏரி வாரியம், பொன் வாரியம்) |
| வேலி | நில அளவு, 20 மா |

கடைசிக்கு முந்தைய வரியில் நான் சேர்த்த அடைப்புக்குறிக்குக் காரணம் உண்டு. அகரவரிசை சொல்லைத் தேடித் தரும். ஆனால் உறவுகளைப் பிரித்துவிடும். மூலப் பத்தியில் மதகும் கலிங்கும் அருகருகே இருந்தன. இறைக்கும் நிலத்துக்கும் உரிய சொற்கள் ஒரு கூட்டமாக இருந்தன. இப்போது கலிங்கு மேலே நிற்க, மதகு கீழே சென்றுவிட்டது. ஏரி வாரியம் ஏகாரத்திலும் பொன் வாரியம் பகர வரிசையிலும் அமர்ந்தன. ஊர்ச் சபையின் வாரியங்கள் எவை என்று அறிய விரும்பும் மாணவர் வாரியம் என்னும் பொதுச்சொல்லைத்தான் தேடுவார். அங்கிருந்து பிற வாரியங்களுக்கு வழி காட்டும் சிறு குறிப்பு இல்லையெனில், அகரவரிசை அவருக்குப் பாதி உதவியே செய்ததாகும். மதகுக்கும் கலிங்குக்கும் இடையேயும் இவ்வாறு 'காண்க' என்று குறிக்கலாம். ஒன்றை அறிபவர் மற்றதையும் ஒப்பிட்டு அறிதல் நலம்.

அட்டவணையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மூலப் பத்தியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் அட்டவணையில் அச்சொல்லைத் தேடிப் பொருளைப் படித்துக் காட்டும்படி செய்தேன். மூலம் ஒரு வரிசையிலும் அட்டவணை வேறு வரிசையிலும் இருப்பதால், ஒவ்வொரு சொல்லையும் அகரவரிசையின் துணையால்தான் தேட வேண்டியிருந்தது. ஒரே முறையில் இரண்டு சோதனைகளும் நடந்தன. சொல் தன் இடத்தில் இருக்கிறதா என்பதும், பொருள் தன் சொல்லோடு இருக்கிறதா என்பதும் தெரிந்தன. பதினைந்து சொற்களுக்குச் சில நிமிடங்களே ஆயின.

கல்வெட்டைப் பொறித்தவர் சொல்லின் எல்லையைக் குறிக்காமல் விட்டார். ஆயினும் தம் காலத்து வாசகர் அதனைப் பிரித்தறிவர் என்பது அவருக்குத் தெரியும். பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பின் வரும் மாணவர்க்கு அந்த எல்லைகளை நாம் கோடிட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. கலிங்கைத் தேடி வருபவர்க்கு மதகின் பொருளைக் கொடுக்காமல், இறையிலியைத் தேடி வருபவரிடம் வரி என்று சொல்லாமல் அனுப்புவதே அந்தக் கோட்டின் வேலை.